வட்டக்களரியிலிருந்து சதுரத் திரைக்கு: ஒரு கூத்துப் பதிவைத் தட்டையாக்கிய கதை

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு ஊர். கோயில் சடங்கு முடிந்த கையோடு இளம் பிள்ளைகள் பழகிய வடமோடிக் கூத்தை அரங்கேற்றினார்கள். பாரதக் கதை, இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கியது. பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. களுவாஞ்சிகுடியில் கல்யாண வீடியோ எடுக்கும் எனக்கு அதற்குச் சில மாதம் முன்புதான் ஒரு 360 பாகைக் கமரா கிடைத்திருந்தது. வட்டக்களரிக்கு இதைவிடப் பொருத்தமான கமரா இருக்க முடியாது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். சுற்றிவரச் சனம், நடுவில் கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரும் தாளக்காரரும் ஏடு பார்ப்பவரும், அவர்களைச் சுற்றி ஆட்டம். வெளியில் ஒரு பக்கம் நின்று எடுத்தால் ஆட்டக்காரரின் முதுகுதான் பாதி நேரம் பதிவாகும். நடுவில் கமராவை நட்டால் எல்லாருடைய முகமும் கிடைக்கும்.

எடுத்ததைக் கமராவோடு வந்த மென்பொருளில் ஒட்டி, ஒரு பென் டிரைவில் போட்டு, அண்ணாவியார் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தொலைக்காட்சியில் ஓடவிட்டதும் அவர் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். "என்ன மனே இது? களரி வட்டமா இருந்துதே, இஞ்ச பாய் விரிச்ச மாதிரி நீளமாக் கிடக்கு" என்றார். பந்தலின் கமுகங்கால்கள் நிமிர்ந்து நின்றன. ஆனால் மேலே கட்டிய குறுக்குத் தடிகள் வில்லாக வளைந்திருந்தன. தருமருக்கு வேடம் கட்டிய பிள்ளை திரையின் வலது ஓரத்தில் பாதியாகவும் இடது ஓரத்தில் மீதியாகவும் நின்றான்.

கோப்பில் பிழை எதுவும் இல்லை. உருண்டையாக இருக்கும் காட்சியை ஒரு செவ்வகத்தில் விரித்து வைப்பதுதான் அந்தக் கோப்பின் வேலை, உலக வரைபடம் பூமியை விரிப்பதைப் போல. அகலம் 360 பாகை, உயரம் 180 பாகை. கைத்தொலைபேசியில் இதற்கென்று உள்ள செயலிகள் அதைத் திரும்ப உருண்டையாக்கி, நாம் விரலால் இழுக்கும் பக்கத்தைக் காட்டும். சாதாரணத் தொலைக்காட்சிக்கு அது தெரியாது, விரித்த படத்தை அப்படியே காட்டும். ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பது சாதாரணத் தொலைக்காட்சி. சுவிஸில் இருக்கும் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் பார்ப்பதும் சாதாரண வீடியோதான். ஆகவே அந்த உருண்டைக்குள் ஒரு சன்னலைத் திறந்து, அதனூடாகத் தெரிவதை மட்டும் தட்டையான வீடியோவாக எடுத்துத் தரவேண்டும். சன்னலை எந்தப் பக்கம் திறப்பது, எவ்வளவு அகலம் திறப்பது என்பவைதான் இதில் உள்ள பெரிய இரண்டு முடிவுகள். இரண்டிலும் முதலில் பிழைவிட்டேன்.

எவ்வளவு அகலம்

என் கோப்பு 5760 பிக்சல் அகலம், 2880 உயரம். 360 பாகைக்கு 5760 பிக்சல் என்றால் ஒரு பாகைக்கு 16 பிக்சல். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்தால் மீதிக் கணக்கு எளிது. 5.7கே என்று கேட்கும்போது பெரிய எண்ணாக இருக்கிறது. ஆனால் அந்தப் பிக்சல் எல்லாம் சனத்துக்கும் வானத்துக்கும் நிலத்துக்கும் பிரிந்துதான் கிடக்கிறது.

1920 அகலமுள்ள தட்டைப் படத்தில் 90 பாகைச் சன்னல் திறந்தால், படத்தின் நடுவில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 16.8 பிக்சல் தேவைப்படும். நம்மிடம் இருப்பது 16. கிட்டத்தட்டச் சரி. அதே 1920 படத்தில் 60 பாகை திறந்தால் நடுவில் 29 பிக்சல் தேவை, இருப்பது அதே 16தான். இல்லாத விவரத்தை மென்பொருள் இட்டுநிரப்பும், முகம் மங்கும். அண்ணாவியாரின் மகன் "கிட்டப் பிடிச்சு எடுங்கோ அண்ணன், முகம் தெரியட்டும்" என்று கேட்டார். 60 பாகையில் எடுத்துக் காட்டினேன். முகம் பெரிதாக வந்தது, கண்ணும் புருவமும் கரைந்து போயிருந்தன. முகம் வேண்டும் என்றால் 1280க்கு 720 அளவில் எடுக்கலாம். அங்கே 60 பாகைக்குத் தேவை 19 பிக்சல்தான், பார்க்கச் சகிக்கும். ஆனால் பெரிய தொலைக்காட்சியில் அதை விரித்துப் போட்டால் மங்கல் அங்கே வந்துவிடும். தட்டையாக்கும் கட்டத்தில் தெளிவை உண்டாக்க வழி இல்லை. ஆட்டக்காரர் கமராவுக்கு எவ்வளவு கிட்ட வந்தார் என்பதிலேயே அது முடிந்துவிடுகிறது.

மறு பக்கமும் உண்டு. தட்டைச் சன்னல் நேர்கோட்டை நேராகவே வைக்கும். அதனால்தான் வளைந்திருந்த குறுக்குத் தடிகள் இதில் நேராக வந்தன. அதற்கு நாம் கொடுக்கும் விலை, ஓரத்தில் உள்ளவை அகலமாக இழுபடுவது. நடுவிலிருந்து எத்தனை பாகை விலகி இருக்கிறாரோ அந்தக் கோணத்தின் கோசைனால் 1ஐ வகுத்தால், ஆள் உயரத்தோடு ஒப்பிட எத்தனை மடங்கு அகலமாகத் தெரிவார் என்பது வரும். 30 பாகை விலகினால் 1.15 மடங்கு, கண்ணுக்குப் படாது. 45 பாகையில் 1.41. 110 பாகைச் சன்னலின் ஓரம் 55 பாகையில் இருக்கிறது, அங்கே 1.74.

வடமோடியில் இது உடனே பிடிபடும். அரச வேடத்தின் கரப்புடுப்பு வட்டமாக விரிந்து நிற்பது. அதன் வடிவம் ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும். 110 பாகையில் எடுத்த முதல் துண்டில் ஓரத்தால் வந்த அரசனின் உடுப்பு ஓடம் போல நீண்டு, நடுவுக்கு வர வர வட்டமாகி, மறு ஓரத்தில் மீண்டும் நீண்டது. உடுப்பைத் தைத்தவர் பக்கத்தில் இருந்தார். அவருக்கு அது வலித்தது. அதோடு 110ஐ விட்டேன். 90க்கு மேல் போகாமல், ஆட்டக்காரர் நடுவிலிருந்து 30 பாகைக்குள் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

உயரத்தை எழுத மறந்தது

வேலைக்கு நான் பயன்படுத்தியது `ffmpeg`. இலவசம், அதில் `v360` என்ற வடிகட்டி இருக்கிறது. முதல் முயற்சியில் அகலக் கோணத்தை மட்டும் எழுதி, உயரக் கோணத்தை விட்டுவிட்டேன். விட்டால் அது 45 பாகை என்று எடுத்துக்கொள்கிறது. 16க்கு 9 என்ற திரையில் 90 பாகை அகலத்துக்குச் சரியான உயரம் 58.7 பாகை. 45ஐ அந்த உயரத்துக்கு இழுத்தால் எல்லாரும் 1.36 மடங்கு நெட்டையாகிவிடுவார்கள். மத்தளத்தின் வட்ட முகம் முட்டை வடிவில் நின்றதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். வட்டமான பொருள் ஒன்று சன்னலின் நடுவில் வரும் ஃபிரேமை எடுத்துப் பார்ப்பது இதற்கு நல்ல சோதனை. நடுவிலேயே வட்டம் வட்டமாக இல்லை என்றால் இரண்டு கோணமும் பொருந்தவில்லை.

கணக்கு இதுதான்: அகலக் கோணத்தின் பாதிக்கு டான் எடுத்து, 9/16ஆல் பெருக்கி, அதன் நேர்மாறு டானை இரட்டிப்பாக்க வேண்டும். 75 பாகை அகலத்துக்கு 46.7, 60க்கு 36 வரும்.

எந்தப் பக்கம்

இங்கேதான் இந்த வேலையின் உண்மையான சிக்கல் இருந்தது. ஒரு துண்டை முழுதாகச் சொல்கிறேன்.

இரண்டாவது கோப்பில் 12 நிமிடம் 40 வினாடியில் தருமர் வரவு. விரித்த படத்தில் ஒரு ஃபிரேமை எடுத்து, படம் பார்க்கும் மென்பொருளில் சுட்டியை அவர்மேல் வைத்தேன். கிடை அளவு 4000 பிக்சல். படத்தின் நடு 2880. வித்தியாசம் 1120, அதை 16ஆல் வகுத்தால் 70. ஆகவே அவர் நடுவிலிருந்து வலப்பக்கம் 70 பாகையில் நிற்கிறார். `yaw=70` என்று போட்டால் சன்னலின் நடுவில் வருவார். போட்டேன், வந்தார். ஆனால் அவருக்கு வலப்புறம் நின்ற அண்ணாவியாரின் மத்தளம் நிலைக்குத்தாக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி இரண்டு விரல் தள்ளி நின்றது.

காரணம் தையல். கமராவில் முதுகோடு முதுகாக இரண்டு வில்லை. ஒவ்வொன்றும் அரை உலகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்க்கும், மென்பொருள் இரண்டையும் ஓரத்தில் வைத்துத் தைக்கும். வில்லைகள் ஒரே இடத்தில் இல்லை, நடுவில் சில சென்ரிமீற்றர் இடைவெளி. தூரத்தில் உள்ள பொருளுக்கு அது பொருட்டில்லை. ஒரு மீற்றருக்குள் இருக்கும் பொருளை இரண்டு வில்லையும் வெவ்வேறு கோணத்தில் பார்ப்பதால் தையல் பொருந்தாது. முன் வில்லை படத்தின் நடுவைப் பார்க்கும்போது தையல் இடமும் வலமும் 90 பாகையில் விழும், அதாவது விரித்த படத்தில் 1440ஆம், 4320ஆம் பிக்சலில். அண்ணாவியார் கமராவிலிருந்து ஒரு கை தூரத்தில், சரியாக 90 பாகையில் நின்றிருந்தார். நான் கமராவை நடும்போது முன் வில்லையைக் கோயிலுக்கு நேரே திருப்பினேன், மரியாதைக்கு. தையல் யார்மேல் விழும் என்று பார்க்கவில்லை.

கோப்பில் பதிந்த பிளவை ஒட்டுவதற்கு வழி இல்லை. சன்னலைத்தான் நகர்த்த முடியும். `yaw=70` என்றால் சன்னல் 25 முதல் 115 பாகை வரை பார்க்கிறது, 90இல் உள்ள தையல் உள்ளே விழுகிறது. `yaw=40` என்றால் -5 முதல் 85 வரை. தையல் வெளியே போய்விடும். அது ஒரு கோடாக இல்லாமல் சில பாகை அகலமான கலப்பாக இருப்பதால் 5 பாகை விட்டது நல்லது. தருமர் நடுவிலிருந்து 30 பாகை வலப்பக்கம் வருவார், 1.15 மடங்குதான் அகலம். அவருக்கு முன்னால் இடப்பக்கம் வெறுமையாக இருப்பது வரவுக்கு அழகாகவே அமைந்தது, அவர் அந்தப் பக்கம்தான் ஆடிப் போகிறார்.

```
ffmpeg -ss 00:12:40 -i pakuthi2.mp4 -frames:v 500 -an \
 -vf "v360=input=e:output=flat:h_fov=90:v_fov=58.7:yaw=40:w=1920:h=1080:interp=lanczos,setsar=1" \
 -c:v libx264 -profile:v high -level 4.1 -crf 20 -pix_fmt yuv420p t031.mp4
```

`input=e` என்பது விரித்த செவ்வகம், `output=flat` தட்டைச் சன்னல். ஒட்டாமல் இரண்டு வட்டமாகவே கிடக்கும் கோப்பு என்றால் `input=dfisheye` போடலாம், ஆனால் அது இரண்டு வட்டத்தையும் நேரடியாகப் பக்கத்தில் வைத்துவிடும். தையலைக் கமராவின் சொந்த மென்பொருள் செய்வது எப்போதும் மேல். கடைசி வரி, சாதாரணத் தொலைக்காட்சி விளங்கிக்கொள்ளும் வகையில் எழுதுவதற்கு. `profile`, `pix_fmt` இரண்டையும் விட்டால் 10 பிட் கோப்பிலிருந்து வரும் வீடியோ 10 பிட்டாகவே போய், பழைய தொலைக்காட்சியில் சத்தம் மட்டும் கேட்கும், படம் வராது.

கால் தெரிய வேண்டும்

அண்ணாவியார் திருத்திய ஒரு விடயம் எனக்கு முதலில் படவே இல்லை. "முகத்த விடு மனே, கால் எங்க?" என்றார். சதங்கை கட்டிய கால் திரைக்கு வெளியே இருந்தால் அவருக்கு அது கூத்து இல்லை.

கமராவை ஒன்றரை மீற்றர் உயரத்தில் நட்டிருந்தேன். 58.7 பாகைச் சன்னல், 3 மீற்றர் தூரத்தில் மேலும் கீழும் 1.69 மீற்றர் பார்க்கும். பாதம் மயிரிழையில் உள்ளே. ஆட்டக்காரர் 2 மீற்றருக்கு வந்தால் பார்ப்பது 1.13 மீற்றர்தான், முழங்காலுக்குக் கீழே வெட்டுப்படும். மேலே வெறும் பந்தல் தெரியும். `pitch=-10` போட்டுச் சன்னலைக் கீழே சாய்த்தால் பாதம் வரும், ஆனால் கமுகங்கால்கள் கீழ்நோக்கி ஒன்றையொன்று நெருங்கிச் சாயும். சில துண்டில் அந்தச் சாய்வை ஏற்றுக்கொண்டேன், கால் முக்கியம். அடுத்த முறை கமரா 1.1 மீற்றர் உயரத்தில் நிற்கும். அப்போது 2 மீற்றரிலும் பாதம் முதல் கிரீடம் வரை சாய்க்காமல் கிடைக்கும். எல்லாரும் சேர்ந்து சுற்றி ஆடும் இரண்டு இடத்தில் மட்டும் `output=sg` என்ற வேறு வகைச் சன்னலில், 150 பாகை அகலம், 93.4 உயரம் என்று எடுத்தேன். அதில் கோடு வளையும், ஆனால் ஆளின் உருவம் இழுபடாது, உடுப்பு வட்டமாகவே நிற்கும்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

சன்னலை மெல்லத் திருப்பிக்கொண்டே போகலாம் என்று `sendcmd` வழியாக `yaw` எண்களை அனுப்பிப் பார்த்தேன். என்னிடமிருந்த பதிப்பில் பின்னால் அனுப்பும் எண் முன்னைய திருப்பத்தோடு கூடிக்கொண்டே போகிறது. 40இல் நிற்கும்போது 45 என்று அனுப்பினால் 85க்குப் போய்விடும். 5 என்றுதான் அனுப்ப வேண்டும். சின்னச் சின்னப் படியாக அனுப்பினாலும் திருப்பம் மெல்லிசாகத் துள்ளியது. சரி என்று அதை விட்டு, நிலையான சன்னல்களாக வெட்டி அடுக்கினேன். அண்ணாவியாரும் மகனும் பக்கத்தில் இருந்து, யார் பாடும்போது யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல, கொப்பியில் நேரத்தையும் பாகையையும் எழுதினோம். 84 துண்டு. அந்தக் கொப்பி இல்லாமல் இந்த வேலை நடந்திருக்காது. வட்டக்களரியில் எந்த நேரம் எந்தப் பக்கம் பார்ப்பது என்பது கூத்துத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

முதல் தடவை ஒவ்வொரு துண்டையும் சத்தத்தோடு எடுத்து ஒட்டினேன். ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு சின்ன "டிக்", மத்தள நடை ஒரு கணம் தடுக்கியது. ஏஏசி ஒலி 1024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகத்தான் எழுதப்படும், 48 கிலோஹேர்ட்ஸில் ஒரு கட்டு 21 மில்லிவினாடி. துண்டு கட்டின் நடுவில் முடிந்தால் ஒலி படத்தைவிடச் சற்று நீளும், அடுத்த துண்டு அதற்குக் காத்து நிற்கும். பேச்சு வீடியோவில் யாருக்கும் தெரியாது. தாளத்தில் காது உடனே பிடிக்கும்.

ஆகவே துண்டுகளைச் சத்தமில்லாமல் எடுத்தேன், மேலே உள்ள கட்டளையில் `-an` அதற்குத்தான். துண்டுகளுக்கு நடுவே நேரம் விடுபடவில்லை, பார்க்கும் பக்கம்தான் மாறுகிறது. எனவே மூலக் கோப்பின் ஒலியை ஒரே நீளமாகப் போட்டுவிடலாம். ஒரு ஃபிரேமும் கூடிக் குறையாதபடி, நீளத்தை வினாடியில் கொடுக்காமல் ஃபிரேமில் கொடுத்தேன்: 25 ஃபிரேம் வேகத்தில் 20 வினாடிக்கு 500. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கு துடிக்காமல் இருக்க 25 ஃபிரேமும் 1/50 ஷட்டரும்தான் வைத்திருந்தேன். துண்டுகளை வரிசைப்படி, வரிக்கு ஒன்றாக `file 't031.mp4'` என்ற வடிவில் `list.txt`இல் எழுதி ஒட்டினேன்.

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -i pakuthi2.mp4 \
 -map 0:v -map 1:a -c:v copy -c:a aac -ac 1 -b:a 128k \
 -movflags +faststart kalari2.mp4
```

`-ac 1` ஒலியை ஒற்றையாக்குகிறது. கமராவின் இடது வலது ஒலி, கமரா நின்ற நிலையைப் பொறுத்தது. சன்னல் பின்பக்கம் திரும்பும்போது படத்தில் வலப்பக்கம் நிற்பவரின் குரல் இடப்பக்கம் கேட்கும். 84 முறை அப்படிக் குழம்புவதைவிட ஒற்றை ஒலி நல்லது.

கடைசியாக `ffprobe kalari2.mp4` என்று போட்டு, பட்டியலில் `spherical` என்ற சொல் வருகிறதா என்று பார்த்தேன். உருண்டை வீடியோ என்ற அந்தக் குறி தட்டையாக்கிய கோப்பிலும் ஒட்டிக்கொண்டிருந்தால், சில செயலிகள் அதை மறுபடி உருண்டையில் சுற்றிவிடும். சுவிஸில் பார்ப்பவருக்கு முகம் மட்டும் பெரிதாகி மிதக்கும். என் கோப்பில் வரவில்லை. கமரா மென்பொருளிலேயே தட்டையாக்கி எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பென் டிரைவில் போடும்போது இன்னொரு தடை. பல தொலைக்காட்சிகள் படிப்பது `FAT32` வகையை, அதில் ஒரு கோப்பு 4 ஜீபீயைத் தாண்டக்கூடாது. வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரம் 3.6 ஜீபீ. கூத்தை நடுவில் ஓய்வு விட்ட இடத்தில் இரண்டாகப் பிரித்தேன்.

மொத்தமாக என் மடிக்கணினி இரண்டு இரவு ஓடியது. மூன்றாம் நாள் அண்ணாவியார் வீட்டு விறாந்தையில் வேடம் கட்டிய பிள்ளைகள் எல்லாரும் வந்து இருந்தார்கள். தருமர் வரவு வந்தபோது அண்ணாவியார் முகத்தைப் பார்க்கவில்லை, திரையின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் சுற்றில் அந்தப் பிள்ளை ஒரு அடியை முந்தி வைத்திருந்தான். "நிப்பாட்டு, பின்னுக்கு எடு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார்.